ஏழு சுற்று உள்ளே போன குழாய்கள்

பிளம்பர் மூன்று குழாய்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மூன்றும் என் கடையில் ஒரு வாரத்துக்கு முன் வாங்கியவை. அரை அங்குல பித்தளைக் குழாய்கள், கால் சுற்றில் திறந்து மூடும் வகை. இரண்டின் மரையில் டெஃப்ளான் டேப் பஞ்சுபோலத் திரண்டிருந்தது. மூன்றாவதில் டேப் அளவாகத்தான் இருந்தது. அதை மூடினாலும் வாயிலிருந்து சொட்டு நிற்கவில்லை என்றார்.

டேப் திரண்டிருந்த குழாயைக் காட்டி, "அண்ணா, இது கையாலேயே கடைசிவரை உள்ளே போய்விடுகிறது. ரெஞ்ச் போட இடமே இல்லை. இருபது சுற்று டேப் சுற்றியும் மறுநாள் சுவர் ஈரமாகிவிட்டது" என்றார். அவர் பல ஆண்டுகளாக என் கடையில் சரக்கு எடுப்பவர். டேப் சுற்றத் தெரியாதவர் அல்லர். அவர் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் பிறகு சப்ளையருக்கு எழுதிய கடிதத்தின் முதுகெலும்பாக வைத்தேன்.

முன்பு ஒருமுறை இதே போன்ற நிலையில் நான் எழுதிய கடிதம் இரண்டே வரிதான்: "குழாய்கள் கசிகின்றன. திருப்பி அனுப்புகிறோம், மாற்றித் தரவும்." அதற்கு வந்த பதிலும் இரண்டே வரி. பொருத்தியவர் சரியாகப் பொருத்தவில்லை. குழாய்களில் குறை காணப்படவில்லை. ஒரு மாதம் கழித்துப் பெட்டிகள் திரும்பி வந்தன. திறந்து பார்த்தால் நான் அனுப்பிய அதே குழாய்கள், துடைத்து வைக்கப்பட்டிருந்தன. அன்று அவர்கள்மேல் கோபம் வந்தது. ஆனால் "கசிகிறது" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தொழிற்சாலையில் யாரும் எதையும் தேட முடியாது என்பதும் உண்மை. எங்கே கசிகிறது, எந்த அழுத்தத்தில், எத்தனையில் எத்தனை, எந்தப் பெட்டியில் என்று சொல்லாத கடிதம் வெறும் புலம்பல்தான். இந்த முறை அப்படி எழுதக்கூடாது என்று உறுதியாக இருந்தேன்.

முதலில் விற்பனையை நிறுத்தினேன். வந்த சரக்கு 240 குழாய்கள், பெட்டிக்கு 24 வீதம் 10 பெட்டிகள். பெட்டிகளின் பக்கவாட்டு முத்திரையை அதுவரை நான் கவனித்ததே இல்லை. இப்போது பார்த்தால் நான்கு பெட்டிகளில் எண் 07 என்றும், ஆறு பெட்டிகளில் 11 என்றும் முடிந்தது. ஒரே பில்லில் வந்திருந்தாலும் இவை வெவ்வேறு தொகுதிகள். விற்ற 12 குழாய்களும் 07 பெட்டி ஒன்றிலிருந்து போனவை. ஆகக் கையில் இருந்தவை 228: 07 தொகுதியில் 84, 11 தொகுதியில் 144. இந்த இரண்டையும் கலந்துவிடாமல் தனித்தனியாக அடுக்கினேன். கலந்திருந்தால் பின்னால் தெரியவந்த எதுவும் தெரியாமலே போயிருக்கும்.

அடுத்தது, எத்தனையைச் சோதிப்பது என்ற கேள்வி. மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 2859 என்ற உலகத் தரநிலை இருக்கிறது. 151 முதல் 280 வரையுள்ள சரக்குக்குச் சாதாரண ஆய்வு நிலையில் 32 மாதிரிகள் எடுக்க வேண்டும். ஏற்பு வரம்பு 2.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அந்த 32-இல் 2 வரை குறை இருக்கலாம். 3 ஆனால் சரக்கை மறுக்கலாம். இந்த எண்களைப் பின்பற்றியதற்குக் காரணம், சப்ளையரின் தரப் பிரிவில் இருப்பவருக்கும் இவை தெரிந்திருக்கும் என்பதுதான். நானாக ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டால் அதைப்பற்றியே வாக்குவாதம் நடக்கும். 07-இலிருந்து 12, 11-இலிருந்து 20 என்று, ஒவ்வொரு பெட்டியிலும் மேலடுக்கு, நடு, அடி என மாற்றி மாற்றி எடுத்து 32 சேர்த்தேன்.

மரையில் தொடங்கினேன். அரை அங்குலக் கூம்பு மரையை உள்மரையில் கையால் திருகினால் நாலரைச் சுற்று அளவில் இறுகி நிற்க வேண்டும். இது அனுபவக் கணக்கு மட்டும் அல்ல. அந்த மரையின் அளவிலேயே அடங்கியிருக்கிறது. பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் குழாய் மரைத் தரத்தில் அரை அங்குல மரைக்கு அங்குலத்துக்கு 14 மரை, அதாவது ஒரு சுற்றுக்கு 1.814 மி.மீ. நுனியிலிருந்து 8.2 மி.மீ. தள்ளி இருக்கும் இடம்தான் அளவு பார்க்கும் இடம். அங்கே முகட்டு விட்டம் 20.955 மி.மீ. இருக்க வேண்டும். 8.2-ஐ 1.814-ஆல் வகுத்தால் நாலரை. அதற்கு மேல் ரெஞ்சால் இறுக்குவதற்காக இன்னும் இரண்டேமுக்கால் சுற்று மரை ஒதுக்கப்பட்டிருக்கிறது. கூட்டினால் ஏழேகால் சுற்று. கையாலேயே ஏழு சுற்று போய்விடுகிற குழாயில் இறுக்குவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. பிளம்பர் சொன்னதும் இதுதான்.

சோதிக்க, வேறொரு தயாரிப்பாளரின் புதிய பித்தளை எல்போ ஒன்றை எடுத்துக்கொண்டேன். டேப் இல்லாமல், எண்ணெய் இல்லாமல், மரையைத் துணியால் துடைத்துவிட்டு, இரண்டு விரல் பலத்தில் திருகிச் சுற்றை எண்ணினேன். எல்போ மட்டும் போதாது. அதன் உள்மரையே பெரிதாக இருந்தால் என் எண்ணிக்கை முழுதும் தவறாகிவிடும். அதனால் தெரிந்த லேத் பட்டறையிலிருந்து அரை அங்குல வளைய அளவியை, அதாவது துல்லியமாக உள்மரை வெட்டிய சோதனை வளையத்தை, ஒரு நாளைக்கு இரவல் வாங்கி, எல்போவில் ஏழு சுற்று போன குழாய்களையும் நாலரையில் நின்றவற்றையும் அதிலும் திருகிப் பார்த்தேன். இரண்டும் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னன. 11 தொகுதியின் 20 குழாய்களும் நான்கு முதல் ஐந்து சுற்றுக்குள் நின்றன. 07 தொகுதியின் 12-இல் 5 குழாய்கள் ஏழு சுற்றுவரை தளர்வாகவே ஓடின. கடைசிவரை திருகியும் கையில் ஆட்டினால் ஆடின.

இங்கே வெர்னியரைப்பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு சுற்று போன குழாய்களில் நுனியிலிருந்து 8 மி.மீ. தள்ளிப் பென்சிலால் குறித்து, முகட்டு விட்டத்தை அளந்தேன். ஏறத்தாழ 20.65 வந்தது. நல்ல குழாய்களில் 20.9-க்கும் 21-க்கும் இடையில் இருந்தது. 0.3 மி.மீ. என்பது இரண்டு மூன்று தாள்களின் கனம்தான். இவ்வளவு சிறிய வேறுபாடா இத்தனை தொல்லை தருகிறது என்று தோன்றும். ஆனால் கூம்பின் சாய்வு 16-க்கு 1. விட்டத்தில் 0.3 மி.மீ. குறைந்தால் மரை 4.8 மி.மீ. கூடுதலாக உள்ளே போகும். அது இரண்டரைச் சுற்றுக்கும் சற்று அதிகம். நாலரையோடு கூட்டினால் அதே ஏழு. தரநிலை அனுமதிப்பதே கூடுதலாகவோ குறைவாகவோ ஒரு சுற்றுதான். விட்டத்தில் அது வெறும் 0.11 மி.மீ. எண்ணியதும் அளந்ததும் ஒத்துப்போனபோதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. வெர்னியர் அளவை மட்டும் ஆதாரமாக எழுதியிருந்தால், முகடு மழுங்கியிருக்கிறது, பக்கச் சரிவு சரியாகத்தான் இருக்கிறது என்று அவர்கள் மறுத்திருக்கலாம். முகட்டு விட்டம் மரையின் முழுக் கதையையும் சொல்லாது. வளைய அளவி சொல்லும்.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. இந்தக் குழாய்கள் என்.பி.டி. என்ற அமெரிக்கக் குழாய் மரையில் வெட்டப்பட்டவையோ? அரை அங்குலத்தில் அதுவும் அங்குலத்துக்கு 14 மரைதான், பி.எஸ்.பி. எல்போவில் கையால் ஏறிவிடும், பிறகு கசியும். பலர் ஏமாறும் இடம் இது. ஆனால் என்.பி.டி. மரையின் கோணம் 60 பாகை, பி.எஸ்.பி.யில் 55 பாகை. மரைச்சீப்பை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் 55 பாகைச் சீப்பு இடைவெளியின்றிப் பொருந்தியது. மேலும் என்.பி.டி. முகடு உயரமானது, வெர்னியர் அளவு கூடியிருக்கும், குறையாது. ஆகவே அந்தச் சந்தேகத்தைக் கைவிட்டேன்.

கூம்பு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தேன். ஒரே குழாயில் 3 மி.மீ. தள்ளியும் 10 மி.மீ. தள்ளியும் அளந்தால் இரண்டுக்கும் வேறுபாடு 0.44 மி.மீ. அளவில் வர வேண்டும். கெட்ட குழாய்களிலும் ஏறத்தாழ அப்படியே வந்தது. சாய்வு சரி, மரை இடைவெளி சரி, கோணம் சரி. மரை முழுதும் ஒரே சீராக ஒல்லியாகியிருக்கிறது. மழுங்கிய கருவி வெட்டினால் மரை கிழிந்தும் பெருத்தும் வரும். இங்கே மரை பளபளவென்று சுத்தமாக இருந்தது. கருவி தேவைக்கு மேல் ஆழமாக அமைக்கப்பட்டு வெட்டியிருக்கிறது என்பதே என் முடிவு.

இதற்குப் பிறகு 07 தொகுதியின் 84 குழாய்களையும் எல்போவில் திருகி எண்ணினேன். ஒன்றுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. 31 குழாய்கள் தேறவில்லை. தேறிய 53-இலும் பல ஐந்தரைச் சுற்றில்தான் நின்றன. அனுமதிக்கப்பட்ட எல்லையின் விளிம்பு அது. வேலை நடுவில் கருவியின் அமைப்பு நகர்ந்திருக்க வேண்டும் என்று இதிலிருந்துதான் ஊகித்தேன்.

கசிவுச் சோதனைக்குக் கையால் இயக்கும் அழுத்தப் பம்பு என்னிடம் இருந்தது. குழாயை மூடி, 16 பார் ஏற்றி, ஒரு நிமிடம் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சொல்வதற்கு எளிது, செய்யும்போது பொய்க் கசிவுகள் ஏமாற்றும். பம்பிலும் குழாயிலும் காற்று அடைபட்டிருந்தால் கசிவே இல்லாமல் முள் இறங்கும். குழாயைத் திறந்து நீர் குமிழின்றி வரும்வரை ஓடவிட்டு அதன் பிறகே மூட வேண்டும். மூடியபின் வாயில் தங்கிய நீர் சில சொட்டு விழும். வாயை ஊதித் துடைத்துவிட்டுத்தான் நிமிடத்தை எண்ணத் தொடங்க வேண்டும். முதல் மூன்று குழாய்களை நான் தவறாகக் குறை என்று குறித்து, பிறகு அழித்தேன்.

உயர் அழுத்தத்தில் தேறிய குழாயைத் தாழ்ந்த அழுத்தத்திலும் பார்க்க வேண்டும். வாளியை இரண்டு மீட்டர் உயரத்தில் வைத்து அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயில் நீர் இறக்கினேன், அது 0.2 பார். உயர் அழுத்தம் ரப்பர் வளையத்தைத் தானே அழுத்தி அடைத்துக்கொள்ளும். அழுத்தம் குறைந்தால் அந்த உதவி கிடைக்காது. 32-இல் மூன்று குழாய்கள் வாயிலிருந்து சொட்டின: 07-இல் ஒன்று, 11-இல் இரண்டு. அவற்றுள் ஒன்று 16 பாரில் சொட்டே இல்லாமல் நின்றது. வாளி நீரில் நிமிடத்துக்கு நாலைந்து சொட்டு விழுந்தது. உயர் அழுத்தச் சோதனை மட்டும் செய்து அனுப்பும் தொழிற்சாலையில் இந்தக் குழாய் எப்போதும் தேறிவிடும்.

மூன்றாவது சோதனையில் குழாயைத் திறந்து வைத்து, வாயை ரப்பர் அடைப்பானால் மூடி, 4 பார் ஏற்ற வேண்டும். மூடிய நிலையில் நீர் போய்ச்சேராத பகுதி இப்போதுதான் அழுத்தத்துக்கு வருகிறது. 07 தொகுதியின் ஒரு குழாயில் கழுத்துக்குக் கீழே வியர்வைபோல ஈரம் படர்ந்தது. குளிர்ந்த நீரால் வெளிக்காற்றின் ஈரம் படிந்ததோ என்று ஐயம் வந்தது. துணியால் துடைத்தேன்; அதே புள்ளியில் மறுபடி முத்து கட்டியது. வெளிக்காற்றின் ஈரம் என்றால் உடல் முழுதும் பரவியிருக்கும். வார்ப்பில் உள்ள நுண்துளை அது. முலாம் அதைக் கண்ணுக்கு மறைக்கிறது, நீருக்கு மறைக்கவில்லை. டேப்போ வாஷரோ இதைச் சரிசெய்யாது.

சொட்டிய மூன்றில் ஒன்றை மட்டும் திறந்தேன். மற்றவற்றைத் தொடவில்லை, எல்லாவற்றையும் பிரித்துவிட்டால், பிரித்ததால்தான் கெட்டது என்ற பதிலுக்கு நானே வழிவிட்டதாகிவிடும். நீரைத் திறந்து மூடும் உள்பாகமான கார்ட்ரிட்ஜைக் கழற்றி வெள்ளைத் தாளின்மேல் தட்டினேன். மயிரிழைபோல இரண்டு பித்தளைச் சீவல்கள் விழுந்தன. அடி ரப்பர் வளையத்தில் அவை பதிந்த தடமும் தெரிந்தது. குழாய் உடலைக் கடைந்தபின் உள்ளே கழுவி ஊதாமல் கார்ட்ரிட்ஜைப் பூட்டியிருக்கிறார்கள். இரண்டு தொகுதியிலும் சொட்டு இருந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று தோன்றியது.

ஆக, 32-இல் 9 குறை. மறுக்கும் எல்லை 3. கையில் இருந்த 228-ஐயும் திருப்பி அனுப்ப எனக்கு உரிமை இருந்தது. ஆனால் 11 தொகுதியின் மரை நன்றாக இருக்கிறது; அவர்களுடைய நல்ல சரக்கையும் சேர்த்துத் தள்ளுவது நேர்மையாகத் தோன்றவில்லை. இரண்டு நாள் எடுத்து அந்த 144-ஐயும் பம்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 11 சொட்டின. 133-ஐ வைத்துக்கொண்டேன். அந்த 11-ஐ நானே கழற்றிக் கழுவிப் பூட்டியிருக்கலாம். ஆனால் சீவல் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் செராமிக் தட்டைக் கீறியிருந்தால் இன்று நின்ற சொட்டு சில மாதத்தில் திரும்பும். அப்போது பொறுப்பு என்னுடையதாகிவிடும்.

07 தொகுதியில் தேறிய 53-ஐ மட்டும் ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று என் தம்பி கேட்டான். எல்லையின் விளிம்பில் நிற்கும் மரை, என் எல்போவில் ஐந்தரையில் நின்றது, சற்றுப் பெரிய உள்மரையில் ஆறரைக்குப் போகும். பிளாஸ்டிக் உள்மரையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: தளர்வை நிரப்ப டேப்பை மேலும் மேலும் சுற்றி இறுக்குவார்கள், பிளாஸ்டிக் நெடுக விரிசல் விடும், குற்றம் பிளம்பர்மேல் விழும். அதை நான் விற்க விரும்பவில்லை.

பிறகு கடிதத்தை எழுதினேன். மூன்றுமுறை திருத்தினேன். முதல் வரைவில் இருந்த கோபமான இரண்டு பத்திகளை நீக்கியபின் கடிதம் பாதியாகச் சுருங்கியது. அனுப்பிய வடிவம் இது:

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: அரை அங்குலக் குழாய்கள் 98, மரைக் குறை மற்றும் கசிவு காரணமாகத் திருப்பி அனுப்புதல்.

இம்மாதம் தங்களிடமிருந்து ஒரே பில்லில் 240 குழாய்கள் பெற்றோம். பில் நகலை இணைத்துள்ளோம். பெட்டி முத்திரைப்படி 07 தொகுதியில் 96, 11 தொகுதியில் 144. 07-இல் 12 விற்றுவிட்டோம். அவற்றுள் 3 ஒரு வாரத்துக்குள் குறையோடு திரும்பின. அன்றே விற்பனையை நிறுத்தினோம்.

மீதமிருந்த 228-இல் ஐ.எஸ்.ஓ. 2859 முறைப்படி 32 மாதிரிகள் எடுத்துச் சோதித்தோம். 9 குறை கண்டோம். குறைகள் மூன்று வகை. அவற்றின் காரணங்கள் வேறு என்று கருதுவதால் தனித்தனியாக எழுதுகிறோம்.

மரை: 07 தொகுதியில் மட்டும். 84-ஐயும் சோதித்ததில் 31 குழாய்கள் டேப் இல்லாமல் கையாலேயே ஏறத்தாழ ஏழு சுற்று உள்ளே போகின்றன. வளைய அளவியிலும் தேறவில்லை. மரை இடைவெளி, கோணம், சாய்வு மூன்றும் சரியாக உள்ளன. விட்டம் மட்டும் சுமார் 0.3 மி.மீ. குறைவு. மரை வெட்டும் கருவியின் ஆழ அமைப்பு நகர்ந்ததா என்று பார்க்கக் கேட்டுக்கொள்கிறோம். 11 தொகுதியின் மாதிரிகளில் இக்குறை இல்லை.

வாய்ச் சொட்டு: இரண்டு தொகுதியிலும். 11 தொகுதியின் 144-ஐயும் மூடிய நிலையில் 16 பாரிலும் 0.2 பாரிலும் தலா ஒரு நிமிடம் சோதித்ததில் 11 சொட்டின. 07-இன் 12 மாதிரிகளில் ஒன்று சொட்டியது. ஒரு குழாயை மட்டும் திறந்தோம். கார்ட்ரிட்ஜின் அடி வளையத்தில் பித்தளைச் சீவல் இருந்தது. சீவலைத் தாளில் மடித்து அதே குழாயோடு கட்டியுள்ளோம். சில குழாய்கள் தாழ்ந்த அழுத்தத்தில் மட்டுமே சொட்டுகின்றன என்பதைச் சோதிப்பவர் கவனிக்க வேண்டும்.

உடல் நுண்துளை: 07 தொகுதியில் ஒன்று. வாயை அடைத்து 4 பாரில் கழுத்துக்குக் கீழே கசிகிறது. இடத்தை மையால் வட்டமிட்டுள்ளோம்.

திருப்புபவை: 07 தொகுதியில் 84, வாடிக்கையாளரிடமிருந்து திரும்பிய 3, 11 தொகுதியில் சொட்டிய 11, மொத்தம் 98. இவற்றுள் 4 குழாய்களை, ஒவ்வொரு வகைக் குறைக்கும் சான்றாக, பையில் இட்டு ஒட்டி எங்களிடம் வைத்துள்ளோம். 94-ஐ அனுப்புகிறோம். ஒவ்வொரு குழாயிலும் குறையின் வகையும் சுற்றின் எண்ணிக்கையும் எழுதிய சீட்டு உள்ளது. மரை அடிபடாமல் பிளாஸ்டிக் மூடி போட்டுள்ளோம்.

நாங்கள் வேண்டுவது: வேறு தொகுதியிலிருந்து 98 மாற்றுக் குழாய்கள், அல்லது பில் விலையில் அதே எண்ணிக்கைக்கான கிரெடிட் நோட். விற்ற 12-இல் 9 இன்னும் வீடுகளில் உள்ளன. அவற்றை மாற்றித் தர 9 குழாய்கள் தனியே வேண்டும். மாற்றும் பிளம்பரின் கூலியும் இரு வழிச் சரக்குக் கூலியும் தங்களுடையவை என்று கருதுகிறோம். 14 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறோம். எங்கள் சோதனையில் ஐயம் இருப்பின் தங்கள் தரப் பிரிவினர் இங்கு வந்து, ஒட்டி வைத்துள்ள குழாய்களை எங்கள் முன்னிலையில் சோதிக்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
கடை உரிமையாளர்

கடிதம் அதோடு முடிந்தது. காரணத்தைப்பற்றி எழுதிய இடங்களில் "நகர்ந்ததா என்று பார்க்க" என்று கேள்வியாகவே விட்டதற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய இயந்திரத்தை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது குழாயை. அதில் கண்டதை உறுதியாகச் சொல்லலாம், பார்க்காததைச் சொல்லக்கூடாது. ஒரு தவறான குற்றச்சாட்டு கடிதத்தில் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சரியான ஒன்பதையும் தள்ளிவிடுவார்கள்.

சீட்டுக் கட்டுவதற்கே ஒரு மாலை முழுதும் ஆனது. அந்த வேலையை எனக்காகப் பிளம்பரும் உட்கார்ந்து செய்தார். ஒவ்வொரு குழாயையும் திருகிச் சுற்றைச் சொல்வார், நான் எழுதுவேன். அவர் திருப்பிக் கொண்டுவந்த மூன்றிலும் டேப்பைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பச் சொன்னார். நானும் அப்படியே அனுப்பினேன். அத்தனை டேப் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆறாம் நாள் தொலைபேசியில் அழைத்தார்கள். வழக்கமாகப் பேசும் விற்பனையாளர் முதலில், வண்டியில் அடிபட்டிருக்கலாமே என்றார். அடிபட்ட மரை நசுங்கும், ஒரு சுற்றிலேயே சிக்கும். ஏழு சுற்று தளர்வாக ஓடாது என்றேன். சற்று அமைதிக்குப் பிறகு தரப் பிரிவினரை அனுப்புவதாகச் சொன்னார்.

வந்தவர் இளைஞர். தன்னுடைய வளைய அளவியைக் கொண்டுவந்திருந்தார். ஒட்டி வைத்திருந்த பையை என் முன்னிலையில் திறந்து திருகினார். அளவி ஓடிய விதத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. மறுபடி கழற்றித் துடைத்துத் திருகினார், அப்போதும் அப்படியே. நுண்துளைக் குழாயையும் பம்பில் பார்த்தார். வாளியில் சொட்டும் குழாயைத்தான் அவர் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கள் தொழிற்சாலையில் மூடிய சோதனை உயர் அழுத்தத்தில் மட்டுமே நடக்கிறது என்று அவரே சொன்னார். வாளியின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டார்.

மாற்றுச் சரக்கு மூன்றாம் வாரம் வந்தது; 98-உம், வீடுகளுக்கான 9-உம் சேர்த்து 107 குழாய்கள், ஒரே தொகுதி. 91 முதல் 150 வரையுள்ள சரக்குக்கு மாதிரி 20, அதே வரம்பில் 1 வரை ஏற்கலாம். 20-ஐயும் அதே எல்போவில், அதே பம்பில், அதே வாளியில் பார்த்தேன். மரை எல்லாம் நாலரையை ஒட்டி நின்றன. ஒன்றுகூடச் சொட்டவில்லை. பிளம்பரின் கூலியில் பாதியைத்தான் ஒப்புக்கொண்டார்கள். மீதியை நான் கொடுத்தேன். அவர் ஒன்பது வீடுகளுக்கும் போனார். நான்கில் மரையடியில் ஈரம் இருந்தது, ஒன்றில் வாய் சொட்டியது. மற்ற நான்கு நன்றாகத்தான் இருந்தன. இருந்தாலும் அவற்றையும் மாற்றிவிட்டு, பழைய ஒன்பதையும் ஒரு பையில் கட்டிக் கடைக்குக் கொண்டுவந்தார். ஒன்பதிலும் சுற்றை எண்ணி, சீட்டுக் கட்டி, அடுத்த வண்டியில் அனுப்பினேன்.